கோல்டு மினி எக்ஸ்பைரி வரை வைத்திருந்தால் கைக்கு வருவது தங்கமா, பணமா?

ஜெபின்_தக்கலை

கமாடிட்டி சந்தையான எம்சிஎக்ஸில் கோல்டு மினி ஃபியூச்சர் ஒரு லாட், அதாவது 100 கிராம், வாங்கி வைத்திருக்கிறேன். 10 கிராமுக்கு 1,00,000 ரூபாய் என்ற விலையில் வாங்கியது, இப்போது 1,04,000 பக்கம் நிற்கிறது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று விலையை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். எக்ஸ்பைரி வருகிற 5ஆம் தேதி. ஆனால் புரோக்கரிடமிருந்து இப்போதே செய்தி வந்துவிட்டது: 28ஆம் தேதிக்குள் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நாங்களே முடித்துவிடுவோம் என்று.

தங்கைக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருக்கிறோம். எப்படியும் நகை எடுத்தாக வேண்டும். இந்த 100 கிராமை அப்படியே தங்கமாக வாங்கிக்கொண்டால் என்ன என்று ஒரு யோசனை. எக்ஸ்பைரி அன்று ஒன்றும் செய்யாமல் விட்டால் தங்கம் வருமா, பணம் வருமா? 5ஆம் தேதி வரை நேரம் இருக்கும்போது எல்லோரும் ஏன் முன்பே வெளியேறுகிறார்கள்?

ரபீக்_குளச்சல்

பயப்பட ஒன்றும் இல்லை தம்பி. எக்ஸ்பைரி அன்று கடைசி விலைக்குக் கணக்கு முடித்து, லாபமோ நஷ்டமோ உங்கள் கணக்கில் போட்டுவிடுவார்கள். நான் குரூட் ஆயிலும் நேச்சுரல் கேஸும்தான் செய்கிறேன், எத்தனையோ எக்ஸ்பைரி பார்த்தாயிற்று. ஒரு பீப்பாய்கூட வீட்டு வாசலில் வந்து நின்றதில்லை. புரோக்கர் சொல்வது அவர்களுடைய வசதிக்காக. தங்கம் வேண்டுமென்றால் லாபத்தை எடுத்துக்கொண்டு கடையில் வாங்குங்கள்.

மணி_களியக்காவிளை

ஆமாம், பணம்தான் தருவார்கள். என் தங்கப் பத்திரம் முதிர்ந்தபோதும் பணமாகத்தான் வந்தது. முந்தைய மூன்று வேலை நாள் 999 தங்க விலையின் சராசரி போட்டு வங்கிக் கணக்கில் விழுந்தது. தங்கமாகக் கேட்டும் கிடைக்கவில்லை. 8 வருடம் காத்திருக்கத் தயாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சங்கர்_வடிவீஸ்வரம்

மணி அண்ணாச்சி, நீங்கள் சொல்வது அரசு வெளியிட்ட தங்கப் பத்திரம். ஜெபின் கேட்பது ஃபியூச்சர் கான்ட்ராக்ட். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. பத்திரம் முழுக்க முழுக்கப் பணத்தில் முடிவது என்பது சரிதான்.

ரபீக் பாய் சொன்னது குரூடுக்குச் சரி, தங்கத்துக்கு இல்லை. எம்சிஎக்ஸில் குரூடும் நேச்சுரல் கேஸும் பணத்தில் முடிகின்றன. தங்கம் கட்டாய டெலிவரி. எக்ஸ்பைரி நேரத்தில் திறந்திருக்கும் ஒவ்வொரு லாட்டுக்கும் விற்றவர் தங்கக் கட்டி கொண்டுவர வேண்டும், வாங்கியவர் முழுப் பணம் கட்டி அதை எடுத்தாக வேண்டும். "எனக்குப் பணமாகக் கொடுங்கள்" என்று கேட்கும் வழியே கிடையாது. நான் ஒரு புரோக்கர் அலுவலகத்தில் செட்டில்மென்ட் மேசையில் இருந்தவன். இந்த ஒரு விஷயத்தில்தான் ஆட்கள் அதிகமாகக் குழம்புவார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

5ஆம் தேதி எக்ஸ்பைரி என்றால் 5ஆம் தேதிதான் டெலிவரி தொடங்கும் என்று நினைக்கக் கூடாது. எக்ஸ்பைரி நாளையும் சேர்த்துக் கடைசி ஐந்து வர்த்தக நாட்கள் டெண்டர் பீரியட். அந்த நாட்களில் எப்போது வேண்டுமானாலும் விற்றவர் "நான் தங்கம் தருகிறேன்" என்று அறிவிக்கலாம். அப்படி வந்த தங்கத்தை, லாட் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு அன்றே ஒதுக்குவார்கள். எனக்கு வேண்டும் என்று முன்பே தெரிவித்தவர்களுக்கு முன்னுரிமை. அது போக மீதி இருந்தால், கேட்காமல் சும்மா உட்கார்ந்திருப்பவர் தலையிலும் விழலாம். விழுந்தால் மறுக்க முடியாது. 3ஆம் தேதி விற்றுவிடலாம் என்று நினைத்திருப்பவருக்கு 1ஆம் தேதியே ஒதுக்கீடு வந்துவிட்டால், அந்த லாட்டை அப்புறம் சந்தையில் விற்க வழியில்லை. பணம் கட்டித்தான் ஆக வேண்டும். உங்கள் புரோக்கர் 28ஆம் தேதி என்று சொல்வதற்கு இதுதான் காரணம். டெண்டர் பீரியட் தொடங்கும் முன்பு உங்களை வெளியே எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று, அந்த ஐந்து நாளும் நாம் பிணையாக வைக்கும் மார்ஜின் நாளுக்கு 3 சதவீதம் வீதம் ஏறிக்கொண்டே போகும். வாங்கியவர், விற்றவர் இருவருக்கும்தான். 10 லட்ச ரூபாய் லாட்டுக்கு ஒவ்வொரு நாளும் சுமார் 30,000 ரூபாய் கூடுதலாகக் கேட்பார்கள். அதைக் கட்ட முடியாதவர்கள் அங்கேயே கழன்றுகொள்வார்கள்.

ஜெபின்_தக்கலை

நன்றி அண்ணாச்சி. அப்படியானால் தங்கம் எடுக்க வேண்டும் என்று நான் உண்மையிலேயே விரும்பினால் எவ்வளவு பணம் தயாராக வைக்க வேண்டும்? நான் 1,00,000 விலையில் வாங்கியிருக்கிறேன். அதனால் 10 லட்சம் கட்டினால் 10,40,000 ரூபாய் தங்கம் கிடைக்கும், 40,000 மிச்சம். என் கணக்கு சரியா?

சங்கர்_வடிவீஸ்வரம்

கணக்கின் முடிவு கிட்டத்தட்டச் சரி, போகிற வழிதான் வேறு. அந்த வழி தெரியாமல் போனால் கட்ட வேண்டிய நாளில் பணம் பற்றாமல் போகும்.

உங்கள் 40,000 ரூபாய் லாபம் எங்கோ காத்திருக்கவில்லை. வாங்கிய நாளிலிருந்து தினமும் அன்றைய முடிவு விலைக்கு எம்டிஎம் போட்டு, ஏறியபோது வரவு, இறங்கியபோது பற்று என்று உங்கள் கணக்கில் ஏற்கெனவே வந்துவிட்டது. அதை நீங்கள் வெளியே எடுத்துச் செலவு செய்தும் இருக்கலாம். அதனால் டெலிவரி நாளில் நீங்கள் வாங்கிய விலை என்ற ஒன்றே கிடையாது. எக்ஸ்பைரி வரை நின்றவர்கள் எல்லோரும் ஒரே இறுதி விலைக்குத்தான் கட்ட வேண்டும். அகமதாபாத் ஸ்பாட் விலையை, அதாவது அங்கே தங்கம் உடனே கைமாறும் விலையை, வைத்து அதை எக்ஸ்சேஞ்ச் அறிவிக்கும்.

இறுதி விலை 1,04,000 என்று வையுங்கள். 100 கிராமுக்கு 10,40,000. அதற்கு 3 சதவீதம் ஜிஎஸ்டி 31,200. மொத்தம் 10,71,200 ரூபாய் ஓரிரு நாளில் கட்ட வேண்டும். ஏற்கெனவே வந்த 40,000-ஐக் கழித்தால் உங்களுக்கு நிகரமாக 10,31,200 ஆகிறது.

இப்போது விலை இறங்கி 97,000-இல் முடிந்தது என்று வையுங்கள். 9,70,000, ஜிஎஸ்டி 29,100, ஆக 9,99,100 கட்டுவீர்கள். ஆனால் வழியில் எம்டிஎம்மில் 30,000 போயிருக்கும். நிகரம் 10,29,100. இரண்டு வழியிலும் தங்கத்தின் விலை உங்களுக்கு 10 லட்சம்தான். ஜிஎஸ்டி மட்டும் கடைசி விலைக்கு ஏற்ப 2,100 ரூபாய் மாறுகிறது.

இதற்கு மேல் இன்னும் இருக்கிறது. கோல்டு மினியின் அடிப்படைத் தரம் 995. விற்றவர் 999 கட்டி கொடுத்தால் விலையை 999/995 என்று பெருக்கிக் கூடுதலாக வாங்குவார், அது உங்கள் லாட்டில் 4,000 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். எந்தக் கட்டி வரும் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. கட்டி இருக்கும் இடம் அகமதாபாத் பெட்டகம். பணம் பட்டுவாடா ஆன நாளிலிருந்து பெட்டக வாடகை உங்களுடையது, தக்கலை வரை கொண்டுவருகிற செலவும் காப்பீடும் உங்களுடையது. கட்டியின் இருப்பைப் பதிவு செய்ய கிளியரிங் கார்ப்பரேஷனின் காம்ரிஸ் கணக்கும் வேண்டும், டெலிவரிக்கு ஒத்துக்கொள்கிற புரோக்கரும் வேண்டும். உங்கள் புரோக்கர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பது அந்தச் செய்தியிலேயே தெரிகிறது.

வடசேரி_பட்டறை

தம்பிக்கு நான் ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் பரம்பரையாகக் கோயில் நகை வேலை. ஒரு பெரிய ஆர்டர் பிடித்ததும் அன்றைய விலைக்குக் கோல்டு மினி வாங்கிவிடுவேன். அதைக் கடைசிவரை வைத்திருந்து அகமதாபாத்தில் போய்க் கட்டி எடுத்தது இதுவரை இல்லை, எடுக்கப்போவதும் இல்லை.

என்ன செய்வேன் என்றால், வேலைக்குத் தங்கம் தேவைப்படும் நாளில் இங்கேயே எனக்குப் பழக்கமான மொத்த வியாபாரியிடம் கட்டி வாங்குவேன். அதே நாளில், முடிந்தால் அதே மணி நேரத்தில், ஃபியூச்சரை விற்றுவிடுவேன். விலை 4,000 ஏறியிருந்தால் கட்டிக்கு 40,000 கூடக் கொடுக்கிறேன், ஃபியூச்சரில் 40,000 வருகிறது. எனக்கு வேண்டியது ஆர்டர் பிடித்த நாளின் விலை. அது கிடைத்துவிடுகிறது. கட்டி எங்கிருந்து வந்தால் எனக்கென்ன?

நகைக் கணக்கும் பார்த்துக்கொள். 995 கட்டி 100 கிராமில் சுத்தத் தங்கம் 99.5 கிராம். 916 நகையாக்கினால் சுமார் 108 கிராம், அதாவது பதிமூன்றரைப் பவுன் வரும். அதில் சேதாரம் போகும், கூலி தனி. பெரிய கடையில் நீ கட்டியைக் கொண்டுபோய் நகை கேட்டால், தரம் பார்க்க வேண்டும் என்பார்கள், தங்கள் விலைக்குத்தான் எடுப்போம் என்பார்கள். உனக்கு எங்களைப் போல ஒரு பட்டறை தெரிந்திருந்தால் கட்டி உதவும். இல்லையென்றால் அது ஒரு தொந்தரவு.

ரபீக்_குளச்சல்

சங்கர் சார், தங்கம் கட்டாய டெலிவரி என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அப்புறம் எதற்கு இந்தச் சுற்று? பட்டறை அண்ணனே டெலிவரி எடுப்பதில்லை. நான் எடுப்பதில்லை. ஜெபின் எடுக்க முடியாது. முக்கால்வாசிப் பேருக்குத் தேவைப்படாத ஒன்றுக்காக எல்லோரையும் ஐந்து நாள் முன்பே விரட்டுகிறார்கள். குரூட் மாதிரி பணத்தில் முடித்தால் எல்லோரும் கடைசி நிமிடம் வரை நிம்மதியாக இருக்கலாமே. வெளிநாட்டில் 50 அவுன்ஸ் தங்கக் கான்ட்ராக்ட் பணத்தில்தான் முடிகிறது என்று கேள்விப்பட்டேன்.

சங்கர்_வடிவீஸ்வரம்

அமெரிக்கச் சந்தையான கோமெக்ஸில் அந்த 50 அவுன்ஸ் கான்ட்ராக்ட் பணத்தில் முடிவது உண்மை. ஆனால் அதன் இறுதி விலை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பக்கத்தில் ஓடும் 100 அவுன்ஸ் கான்ட்ராக்டின் விலையைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. அந்த 100 அவுன்ஸ் டெலிவரி உள்ளது. டெலிவரி உள்ள ஒன்றின் தோளில் சாய்ந்துதான் பணத்தில் முடிவது நிற்கிறது.

கடைசி நிமிடம் வரை நிம்மதி என்றீர்கள். 2020 ஏப்ரல் 20 உங்களுக்கு நினைவில் இருக்கும். எம்சிஎக்ஸ் குரூட் ஏப்ரல் கான்ட்ராக்ட் அன்றுதான் எக்ஸ்பைரி. ஊரடங்கு என்பதால் நம் சந்தை மாலை 5 மணிக்கே மூடிவிட்டது. அப்போது விலை 965 ரூபாய். அதற்குப் பிறகு இரவில் அமெரிக்காவில் மே கான்ட்ராக்ட் மைனஸ் 37.63 டாலருக்குப் போய் முடிந்தது. நம் கான்ட்ராக்டின் இறுதி விலை அமெரிக்க விலையை வைத்துத்தான், அதனால் மைனஸ் 2,884 ரூபாய் என்று அறிவித்தார்கள். 100 பீப்பாய் கொண்ட ஒரு லாட்டில் 965-இலிருந்து அங்கே போனால் 3,84,900 ரூபாய் நஷ்டம். வாங்கியவர் விற்று வெளியேறலாம் என்றால் திரையில் சந்தையே இல்லை. பணத்தில் முடிவதால் ஆபத்து இல்லை என்று யாராவது சொன்னால் இந்த ஒரு நாளைச் சொல்லுங்கள். பீப்பாய் வீட்டுக்கு வரவில்லை, பில் வந்தது.

டெலிவரி ஏன் வேண்டும் என்பதற்கு என் பதில் இது. எக்ஸ்பைரி நெருங்கும்போது ஃபியூச்சர் விலை உண்மைத் தங்க விலையைவிட 500 ரூபாய் குறைவாக நின்றால், பணமுள்ள ஒரு வியாபாரி அதை வாங்கி, டெலிவரி எடுத்து, வெளியே விற்றுவிடுவார். அதிகமாக நின்றால் தங்கம் வைத்திருப்பவர் ஃபியூச்சரை விற்றுக் கட்டியைக் கொண்டுவந்து கொடுப்பார். இதைச் செய்ய நாலு பேர் தயாராக இருந்தால் போதும், விலை உண்மை விலையை விட்டு விலகாது. நாமெல்லாம் டெலிவரி எடுக்காமல் முன்பே போனாலும் அந்தப் பிடிப்பின் பலன் நம் விலையிலும் இருக்கிறது.

ரபீக்_குளச்சல்

2020-ஐ மறக்க முடியுமா. என் நண்பர் ஒருவர் அதோடு வர்த்தகத்தையே விட்டுவிட்டார். அது சரி.

ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. டெலிவரியின் இறுதி விலையே அகமதாபாத் ஸ்பாட் விலையை வைத்து என்று நீங்கள்தானே சொன்னீர்கள். அதுவும் வியாபாரிகளிடம் கேட்டு எடுக்கிற விலை. அப்படியானால் இரண்டிலும் யாரோ சொல்கிற விலைதானே முடிவு?

சங்கர்_வடிவீஸ்வரம்

நல்ல கேள்வி. கேட்டு எடுக்கிற விலைதான். ஒரே வித்தியாசம், அந்த விலைக்கு மறுநாளே உண்மையான கட்டி கைமாற வேண்டும். விலை குறைவாக வந்தால் விற்றவர் விலையுள்ள பொருளை இழக்கிறார், கூட வந்தால் வாங்கியவர் இழக்கிறார். அதனால் இரு பக்கமும் கண் வைத்திருப்பார்கள். பணத்தில் முடிவதில் அந்த விலையைச் சரிபார்க்கப் பொருளே நடுவில் இல்லை. அது போதுமான பாதுகாப்பா என்றால், என்னைப் பொறுத்தவரை ஆம். உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் தவறென்று சொல்ல மாட்டேன்.

ரபீக்_குளச்சல்

சிறு முதலீட்டாளருக்கு ஒரு கிராம், பத்து கிராம் அளவிலாவது பணத்தில் முடியும் தங்கம் வேண்டும் என்பதில் நான் இன்னும் அப்படியேதான் இருக்கிறேன்.

லதா_மார்த்தாண்டம்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் கோல்டு மினியில் கால் ஆப்ஷன் வாங்கியிருக்கிறேன், ஃபியூச்சர் இல்லை. லாபத்தில் இருக்கிறது. எனக்கும் இந்த டெலிவரிப் பிரச்சினை வருமா? ஆப்ஷனில் கட்டிய பிரீமியத்துக்கு மேல் போகாது என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

சங்கர்_வடிவீஸ்வரம்

சகோதரி, நேரடியாகத் தங்கம் வராது. ஆனால் லாபத்தில் முடிகிற ஆப்ஷன் பணமாக மாறாமல் கோல்டு மினி ஃபியூச்சராக மாறிவிடும். கால் வாங்கியிருந்தால், உங்கள் ஸ்டிரைக் விலைக்கு ஃபியூச்சர் வாங்கியவராக மறுநாள் எழுந்திருப்பீர்கள். ஆப்ஷன் எக்ஸ்பைரி, ஃபியூச்சரின் டெண்டர் பீரியடுக்கு முன்பே வருவதால் வெளியேற நேரம் இருக்கும். ஆனால் அந்த ஃபியூச்சருக்கு மார்ஜின் வேண்டும், அதிலிருந்து விலை இறங்கினால் நஷ்டம் பிரீமியத்தோடு நிற்காது. ஃபியூச்சர் மார்ஜின் கட்டும் அளவுக்குப் பணம் இல்லையென்றால் ஆப்ஷனை எக்ஸ்பைரிக்கு முன்பே விற்றுவிடுவதுதான் நல்லது.

ஜெபின்_தக்கலை

பட்டறை அண்ணன் சொன்ன வழி பிடித்திருக்கிறது. ஆனால் கல்யாணம் தையில். நகைக்குப் பணம் இப்போது முழுதாக இல்லை. இந்த மாத லாட்டை விற்றுவிட்டு அடுத்த மாத லாட் வாங்கலாமா? அடுத்த மாதம் 1,04,600 காட்டுகிறது. 600 ரூபாய் கூட. அது நஷ்டம்தானே? அப்புறம், விலை சரிந்தால் இந்த வழி என்னாகும்?

வடசேரி_பட்டறை

முதலில் சரிவைச் சொல்கிறேன். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்க இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆக்கினார்கள். அன்று ஒரே நாளில் 10 கிராமுக்கு நாலாயிரம் பக்கம் இறங்கியது. கோல்டு மினி ஒரு லாட் வாங்கி வைத்திருந்தவனுக்கு அன்று சுமார் 40,000 பற்று. அப்புறம் கட்டி வாங்கப் போனால் அதே அளவு மலிவாகக் கிடைத்தது, அது உண்மைதான். ஆனால் பற்று இன்றைக்குக் கட்ட வேண்டும், மலிவு நீ வாங்கும் நாளில்தான் தெரியும். கையில் மார்ஜினுக்கு மேல் பணம் இல்லாதவன் அந்த இடைவெளியில் வெளியே தள்ளப்பட்டுவிடுவான். தள்ளப்பட்ட பிறகு விலை ஏறினால் உனக்குப் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. ஒரு லாட் வைத்திருக்கும்போது மார்ஜின் போக இன்னொரு அரை லட்சமாவது சும்மா கிடக்க வேண்டும் என்பது என் வழக்கம்.

கடை விலையும் ஃபியூச்சர் விலையும் ஒன்றோடொன்று ஒட்டியே போகும் என்று நம்பிவிடாதே. கல்யாண மாதங்களில் இங்கே கட்டிக்கு ஃபியூச்சரைவிடக் கொஞ்சம் கூடுதல் கேட்பார்கள், சில நேரம் தள்ளுபடியிலும் கிடைக்கும். அந்த வித்தியாசத்தை ஃபியூச்சர் ஈடுகட்டாது.

சங்கர்_வடிவீஸ்வரம்

600 பற்றி: அது பெரும்பாலும் ஒரு மாத வட்டி. இன்றைக்குத் தங்கம் வாங்கி ஒரு மாதம் வைத்திருந்தால் போட்ட பணத்துக்கு வட்டியும் பெட்டக வாடகையும் ஆகும். அதைச் சேர்த்துத்தான் அடுத்த மாத விலை நிற்கிறது. 100 கிராமுக்கு 6,000 ரூபாய். ஸ்பாட் விலை அசையாமல் இருந்தால் அந்த 6,000 ஒரு மாதத்தில் கரைந்து போகும், அதனால் செலவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தை வரை இரண்டு மூன்று முறை மாற்றினால் அத்தனை முறையும் இது உண்டு, புரோக்கரேஜும் இரண்டு பக்கம்.

மாற்றுவதென்றால் கடைசி நாளுக்கு விட வேண்டாம். டெண்டர் பீரியட் நெருங்க நெருங்கப் பழைய மாதத்தில் ஆட்கள் குறைந்துவிடுவார்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி விரியும். திரையில் இரண்டு மாதங்களின் ஓப்பன் இன்ட்ரஸ்டையும், அதாவது இன்னும் முடிக்காமல் திறந்திருக்கும் லாட்களின் எண்ணிக்கையையும், பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த மாதத்தில் அது முந்தைய மாதத்தைத் தாண்டிவிட்டால் கூட்டம் மாறிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பழையதில் நிற்பவர் பெரும்பாலும் டெலிவரிக்காக நிற்பவர். மார்க்கெட் ஆர்டர் போடாதீர்கள், விலை குறித்து லிமிட் ஆர்டர் போடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்யுங்கள், ஒன்றை விற்று மறுநாள் இன்னொன்றை வாங்கலாம் என்று விட்டால் இரவில் விலை ஓடிவிடலாம்.

மணி_களியக்காவிளை

விற்றவன் கட்டி கொண்டுவராமல் போனால்? அப்போது வாங்கியவன் நிலை?

சங்கர்_வடிவீஸ்வரம்

விற்றவருக்கு இறுதி விலையில் 3 சதவீதம் அபராதம், அதோடு சந்தையில் மாற்றுத் தங்கம் வாங்குவதற்கு ஆகும் விலை வித்தியாசமும் அவர் தலையில். கோல்டு மினியில் 10,40,000-க்கு 31,200 ரூபாய் அபராதம் மட்டுமே. வாங்கியவர் தரப்பில் இப்படி அபராதம் கட்டி விலகும் வழியே கிடையாது. பணம் கட்டாவிட்டால் அது புரோக்கர் கட்ட வேண்டிய பாக்கியாகி, அவர் உங்களிடம் வசூலிப்பார். அதனால்தான் கையில் தங்கம் இல்லாமல் விற்றவர்களும் டெண்டர் பீரியடுக்கு முன்பே ஓடுகிறார்கள்.

ஜெபின்_தக்கலை

28 வரை காத்திருக்கவில்லை. இரண்டு மாதங்களின் ஓப்பன் இன்ட்ரஸ்ட் பார்த்தேன், அடுத்த மாதம் ஏற்கெனவே தாண்டிவிட்டது. நாளைக் காலை லிமிட் ஆர்டரில் மாற்றுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: இப்படி மாற்றும்போது இந்த 40,000 லாபத்துக்கு இந்த வருடமே வரிக் கணக்குக் காட்ட வேண்டுமா, அல்லது தையில் நகை எடுக்கும்போதா?

ரபீக்_குளச்சல்

விற்ற வருடத்தில்தான். வியாபார வருமானமாகக் காட்ட வேண்டும் என்று என் ஆடிட்டர் சொல்வார். டெலிவரி எடுத்தால் எப்படி என்று அவரிடம் கேட்டதில்லை.

வடசேரி_பட்டறை

எனக்கு அது பட்டறைக் கணக்கிலேயே போய்விடும். சம்பளக்காரருக்கு எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தம்பி, நகை டிசைன் பார்க்க வர வேண்டுமென்றால் ஐப்பசிக்கு முன்னாலேயே வா, அதற்கப்புறம் பட்டறையில் கை ஓயாது.